ஏழு கேள்விகளும் ஒரு கையொப்பமும்



வன்னியம்பட்டியிலிருந்து கிழக்கே திருவில்லிபுத்தூருக்கோ மேற்கே இராசபாளையத்துக்கோ செல்ல ஒரே நெடுஞ்சாலைதான் உண்டு. திருமங்கலத்திலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் அந்தச் சாலையில் பேருந்துக்குக் காத்திருந்து சலித்த வீடுகள் பலவற்றில் இப்போது ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. சில வீடுகளில் காரும் நிற்கிறது. வண்டி வந்த மறுநாளே உரிமம் பற்றிய பேச்சு எழுகிறது. “படிவத்தை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர் நிரப்பிவிடுவார், நாம் கையொப்பம் இட்டால் போதும்” என்று அந்தப் பேச்சு முடிவதும் வழக்கம். அந்தக் கையொப்பம் எதற்கு அடியில் விழுகிறது என்பதைப் பெரும்பாலோர் படித்துப் பார்ப்பதில்லை. ஆதலால் இத்திங்கள் அதைப் பற்றியே எழுத எண்ணினேன்.

பழகுநர் உரிமம் கோரும் விண்ணப்பத்தோடு முதலாம் படிவம் என்ற ஒரு தாள் சேர்ந்து வரும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வகுக்கப்பட்ட அப்படிவம், விண்ணப்பிப்பவர் தம் உடல்நிலையைப் பற்றித் தாமே அளிக்கும் உறுதிமொழியாகும். இணையத்தில் விண்ணப்பித்தால் அதே கேள்விகள் திரையில் தோன்றும். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும். கேள்விகள் ஏழு. வலிப்பு நோயோ, எக்காரணத்தாலேனும் திடீரென நினைவிழத்தலோ தலைச்சுற்றலோ உண்டா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகையை ஒவ்வொரு கண்ணாலும் படிக்க இயலுமா? கை கால்களில் இழப்போ இயக்கக் குறையோ உண்டா? சிவப்பையும் பச்சையையும் எளிதில் வேறுபடுத்தி அறிய இயலுமா? மாலைக்கண் உண்டா? வழக்கமான ஒலிக்குறியைக் கேட்க இயலாத அளவுக்குச் செவிட்டுத்தன்மை உண்டா? பொதுமக்களுக்கு ஆபத்து விளைக்கக்கூடிய வேறு நோயோ குறையோ உண்டா? இவ்வளவே.

கேள்விகளின் கீழே ஒரு குறிப்பு உண்டு. பலரும் படிக்காமல் விடுவது அதைத்தான். பார்வையையும் நிறத்தையும் பற்றிய இரு கேள்விகளுக்கு ‘இல்லை’ என்றோ, மற்ற ஐந்துக்கு ‘ஆம்’ என்றோ எழுதுபவர் அதன் முழு விவரத்தையும் தர வேண்டும் என்று அக்குறிப்பு கூறுகிறது. ‘ஆம்’ என்று எழுதினாலே விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிடும் என்று அதில் இல்லை. குறை இன்னதென விளக்கிக் கூறுக என்பதே அதன் பொருள். நம்மிடையே நிலவும் அச்சத்துக்கும் அதனால் எழுதப்படும் பொய்களுக்கும் இந்த வேறுபாட்டை அறியாமையே காரணம்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொண்டு இதை விளக்குகிறேன். தந்தைக்கு 46 வயது; பத்தாண்டுகளாக நீரிழிவு; இப்போது இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார்; கார் ஓட்டப் பழக விரும்புகிறார். மகனுக்கு 21 வயது. மோட்டார் சைக்கிள் உரிமம் வேண்டும். மகளுக்கு 19 வயது. இராசபாளையத்தில் வேலைக்குச் செல்ல ஸ்கூட்டர் ஓட்ட வேண்டும். மூவரும் ஒரே நாளில் படிவத்தின் முன் அமர்கிறார்கள்.

தந்தை முதற் கேள்வியைப் படிக்கிறார். “எனக்கு வலிப்பு இல்லையே” என்று ‘இல்லை’ குறிக்கப் போகிறார். அங்கேதான் நிற்க வேண்டும். கேள்வி வலிப்போடு முடியவில்லை. ‘எக்காரணத்தாலேனும்’ வரும் தலைச்சுற்றலையும் நினைவிழப்பையும் அது கேட்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்பவருக்கும், உணவு தாமதமானால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். கை நடுங்கும், வியர்க்கும், பசி மிகும், கண் மங்கும், பிறகு மயக்கம் வரலாம். மெட்பார்மின் மட்டும் உண்பவருக்கு இந்நிலை அரிதாகவே வரும். ஆகவே ‘எனக்குச் சர்க்கரை நோய் உண்டா’ என்று பார்ப்பதோடு அவர் நிறுத்தக்கூடாது. ‘சர்க்கரை தாழ்ந்து தலைசுற்றியது உண்டா, எத்தனை முறை, கடைசியாக எப்போது’ என்றே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அண்மையில் அவ்வாறு நிகழ்ந்திருந்தால் ‘ஆம்’ என்று எழுதி, தாம் உண்ணும் மருந்தையும் மருத்துவர் கூறியதையும் விவரத்தில் சேர்ப்பதே நேர்மை. ஒருமுறையும் நிகழவில்லையாயின் ‘இல்லை’ என்பது உண்மையான விடையே.

அவர் எப்படியும் மருத்துவரைக் காண வேண்டியவர்தான். நாற்பது வயதைக் கடந்தவர்களும், லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகன உரிமம் கோருபவர்களும் ‘1ஏ’ என்னும் மருத்துவச் சான்றையும் அளிக்க வேண்டும். அதைப் பதிவு பெற்ற மருத்துவர் நேரில் சோதித்துக் கையொப்பம் இட்டுத் தர வேண்டும். ஆளைப் பாராமலே சான்று வாங்கித் தருகிறோம் என்று சொல்பவர்கள் எங்கும் உண்டு. நீரிழிவு உள்ள தந்தைக்கு அது பயன் தராத சிக்கனம். அவருக்குத் தேவைப்படுவது மருத்துவரின் அறிவுரை. வண்டி எடுக்குமுன் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது, காரில் இனிப்போ குளுக்கோசோ வைத்திருப்பது, நடுக்கம் தொடங்கியதும் ஓரமாக நிறுத்திவிடுவது ஆகியவற்றை அந்தச் சந்திப்பிலேயே கேட்டு அறிந்துகொள்ளலாம்.

வலிப்பு நோய் உள்ளவர்களின் நிலை கடினமானது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஓராண்டு வலிப்பின்றி இருந்தவர்களுக்குக் கார் உரிமம் வழங்க விதி இடந்தருகிறது. நம் நாட்டு விதிகளில் அவ்வாறு ஒரு காலக்கெடு வகுக்கப்படவில்லை. ஆபத்து விளையக்கூடும் என்று தோன்றினால் உரிமம் மறுக்கும்படி 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதிகாரிக்குக் கூறுகிறது. அதனால் மறைத்து எழுதத் தூண்டுதல் இங்கே மிகுதி. எனினும் குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு ஓரிரு முறை வெட்டி இழுத்ததையும் வலிப்பு நோயையும் ஒன்றாக எண்ணி வீணே கலங்க வேண்டாம். காய்ச்சல் வலிப்புப் பெரும்பாலும் வயதோடு மறைந்துவிடும். படிவம் கேட்பதோ இப்போதைய நிலையை. ஐயம் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் எழுத்துமூலம் கருத்துப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கண். 25 மீட்டர் என்பது ஏறத்தாழ 82 அடி. நடுத்தர உயரமுள்ளவரின் நடையில் முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு எட்டுகள். இதைச் சோதிக்க மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதில்லை. பகலில் கோயில் வளாகத்திலோ தெருவிலோ நிற்கும் ஒரு காரிலிருந்து அத்தனை எட்டு பின்னே சென்று நின்று, வலக்கண்ணை மூடிப் படியுங்கள். பிறகு இடக்கண்ணை மூடிப் படியுங்கள். ஏற்கெனவே மனப்பாடமான வீட்டு வண்டியின் எண் இதற்கு உதவாது. இரு கண்களையும் திறந்து படிப்பவருக்கு ஒரு கண்ணின் மங்கல் ஆண்டுக்கணக்கில் தெரியாமலே இருக்கலாம். ஒவ்வொரு கண்ணாலும் என்று படிவம் கேட்பதன் பொருள் அதுவே. மூக்குக்கண்ணாடி அணிந்து படித்தால் போதும். அணிபவர் தேர்வு நாளிலும் அதை அணிந்தே செல்ல வேண்டும். எழுத்துகள் கலங்கித் தெரிந்தால் முதலில் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். விண்ணப்பம் ஒரு வாரம் காத்திருக்கலாம்.

மகனுக்கு நான்காம் கேள்வியில் தயக்கம். பழுத்த மிளகாயையும் பச்சை மிளகாயையும் நிறத்தால் பிரிக்க அவன் தடுமாறுவதைத் தாய் முன்பே கண்டிருக்கிறாள். இது பெரும்பாலும் பிறவிக் குறை. பெண்களைவிட ஆண்களிடையே மிகுதி. முன்னாளில் இக்கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதுவது உரிமத்தையே இழப்பதாக இருந்தது. 2020-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. இலேசான அல்லது நடுத்தர அளவு நிறப் பார்வைக் குறை உள்ளவர்கள் இப்போது உரிமம் பெறலாம். கடுமையான குறை உள்ளவர்களுக்கே தடை. எந்த அளவு என்பதைக் கண் மருத்துவர் வண்ணப் புள்ளிகளால் ஆன அட்டைகளைக் காட்டிச் சொல்லிவிடுவார். ஆகவே மகன் பொய் எழுதத் தேவையே இல்லை. உண்மையை எழுதி மருத்துவச் சான்றை இணைத்தால் போதும். விதி மாறியதை அறியாமல் இன்றும் ‘தெரியும்’ என்று பொய்யாகக் குறிக்கும் இளைஞர்கள் உண்டு.

செவித்திறன் குறித்தும் நிலைமை மாறியுள்ளது. செவிட்டுத்தன்மை ஒன்றையே காரணம் காட்டித் தேர்வெழுதவும் விடாமல் மறுத்தல் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் கூறியது. கார் போன்ற இலகு வாகனத்துக்குக் காது கேட்கும் கருவி அணிந்து கேட்டாலும் போதும் என்று படிவமே சொல்கிறது. காலில் குறை உள்ளவர்க்கும், அவருக்கேற்ப மாற்றியமைத்த வண்டியை ஓட்டத் தகுதி இருப்பின் அதற்குரிய உரிமம் வழங்கச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் உள்ளதைச் சொன்னவருக்குத்தான் இவ்வழிகள் திறக்கும். மறைத்துப் பெற்ற உரிமத்தை, பொய்யுரை கூறிப் பெற்றது என்ற காரணத்தால் அதிகாரி பின்னர் விலக்கிவிட முடியும். அதற்கு முன்பே சாலையில் ஓர் உயிர் போயிருந்தால் உரிமத்தைத் திரும்பக் கொடுப்பதால் எதுவும் ஈடாகாது.

இனி விண்ணப்பிக்கும் முறை. sarathi.parivahan.gov.in என்ற தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்து, பழகுநர் உரிமப் பகுதிக்குள் செல்ல வேண்டும். இ-சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம். வயதுக்கும் முகவரிக்கும் சான்று தேவை. நம் பகுதியினர்க்குத் திருவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் உரியது. அங்குப் பதிவாகும் வண்டிகளே டி.என். 84 என்ற எண்ணைத் தாங்குகின்றன. கட்டணம் ஒவ்வொரு வாகன வகைக்கும் 150 ரூபாய். பழகுநர் தேர்வுக்கு 50 ரூபாய். சேவைக் கட்டணம் தனி.

வாகன வகையைக் குறிக்கும் இடத்தில் மகள் கவனமாக இருக்க வேண்டும். திரையில் MCWOG என்றிருப்பது கியர் இல்லாத இருசக்கர வண்டி. MCWG என்றிருப்பது கியர் உள்ளது. LMV என்பது கார். இன்று ஸ்கூட்டர் மட்டும் ஓட்டுபவள் கியர் இல்லாததைக் குறித்துவிட்டால், நாளை அண்ணனின் மோட்டார் சைக்கிளை ஓட்ட அந்த உரிமம் செல்லாது. இரண்டும் வேண்டுமாயின் கியர் உள்ள வண்டியில் பழகி, அதிலேயே தேர்வும் கொடுக்க வேண்டும்.

பழகுநர் தேர்வில் சாலைக் குறிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லாத இரயில் கடவையில் கொள்ள வேண்டிய எச்சரிக்கை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவை பற்றிக் கேட்கப்படும். நூற்றுக்கு அறுபது விழுக்காடு விடைகள் சரியாக இருந்தால் தேர்ச்சி. உரிமம் கையில் வந்ததும் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். காரில் பழகும்போது உரிமம் உடைய ஒருவர், வண்டியைத் தடுத்து நிறுத்தக்கூடிய இடத்தில் அருகே அமர்ந்திருக்க வேண்டும். இருசக்கர வண்டியில் பயிற்சி தருபவரைத் தவிர வேறு எவரையும் பின்னே ஏற்றக்கூடாது. ஆதலால் மகள் எல்.எல்.ஆர். வந்த மறுநாளே தோழியை ஏற்றிக்கொண்டு வேலைக்குச் செல்வது விதிமீறல்.

இப்போது நாட்கணக்கு. பலர் தவறுவது இங்கேதான். பழகுநர் உரிமம் ஆறு திங்கள் செல்லும். பெற்று முப்பது நாள் நிறைவதற்குள் ஓட்டுநர் தேர்வுக்கு வர இயலாது. மகளின் உரிமம் ஜூன் 10-ஆம் நாள் வழங்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 10-க்குப் பிறகே அவள் தேர்வு கொடுக்கலாம். டிசம்பர் 9-ஆம் நாளோடு உரிமம் காலாவதியாகும். தேர்வில் தவறினால் ஏழு நாள் கழித்து மீண்டும் வரலாம். மூன்று முறை தவறினால் கடைசித் தேர்விலிருந்து அறுபது நாள் காத்திருக்க வேண்டும்; 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சீர்திருத்தப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்.

மகள் ஜூலை 13-லேயே முதல் தேர்வுக்குச் சென்று தவறினாள். ஜூலை 22-இலும், ஆகஸ்டு 1-இலும் தவறினாள் எனில், செப்டம்பர் 30 வரை அறுபது நாள். அதன் பிறகும் டிசம்பர் 9 வரை இரண்டு திங்களுக்கு மேல் எஞ்சும். அவளே சோம்பியிருந்து செப்டம்பர் 20-இல் முதல் தேர்வும், 28-இல் இரண்டாவதும், அக்டோபர் 8-இல் மூன்றாவதும் கொடுத்துத் தவறியிருந்தால், அறுபது நாள் டிசம்பர் 7-ஆம் நாள்தான் முடியும். இரண்டு நாளில் உரிமமும் முடிந்துவிடும். மீண்டும் பழகுநர் உரிமம், மீண்டும் கட்டணம், மீண்டும் முப்பது நாள். ஆதலால் பழகிய கை உறுதிப்பட்டவுடன், முதல் இரண்டு திங்களுக்குள்ளாகவே முதல் தேர்வுக்குச் செல்வது நல்லது.

தேர்வு நாளை அதே தளத்தில் பழகுநர் உரிம எண்ணையும் பிறந்த நாளையும் இட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளைக்கும் இத்தனை பேர் என்று அலுவலகம் இடங்களை வகுத்திருக்கும். நிரம்பிய நாளை விட்டு வேறு நாளைத் தேடலாம். முப்பது நாள் நிறைந்த பிறகே தேடத் தொடங்கினால் சில வாரங்கள் தள்ளிப்போகவும் கூடும். தேர்வுக்கு வகை ஒன்றுக்கு 300 ரூபாயும், உரிமத்துக்கு 200 ரூபாயும் கட்டணம். இவற்றோடும் சேவைக் கட்டணம் சேரும். பணம் செலுத்திய இரசீதையும் நாள் குறித்த தாளையும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு வண்டியை நாம்தான் கொண்டு செல்ல வேண்டும். விண்ணப்பத்தில் குறித்த வகையைச் சேர்ந்ததாக அது இருக்க வேண்டும். பதிவுச் சான்று, நடப்பிலுள்ள காப்பீடு, புகைச் சான்று, பழகுநர் உரிமம் ஆகிய நான்கையும் முந்தின இரவே எடுத்து வையுங்கள். காப்பீடு முடிந்த வண்டியோடு சென்று, தேர்வு கொடாமலே திரும்புவது வீண் அலைச்சல். இருசக்கர வண்டிக்குத் தலைக்கவசம் கட்டாயம். தரையில் வரைந்த எட்டின் மேல் கால் ஊன்றாமல் சுற்றி வர வேண்டும். காரில் கண்ணாடியைச் சரிசெய்தல், இயக்கி நகர்த்தல், பின்னோக்கிச் செலுத்திக் குறுகிய இடத்துள் நுழைத்தல், அவசரமாக நிறுத்துதல் ஆகியவற்றை மோட்டார் வாகன ஆய்வாளர் கவனிப்பார். தந்தையைப் போன்றவர் காலை உணவு உண்ணாமல் தேர்வு வரிசையில் நிற்கவே கூடாது. காத்திருப்பு நீளலாம், சர்க்கரை தாழ்வதற்கு அதுவே நேரம். கையில் சிறிது உணவும் தண்ணீரும் வைத்திருங்கள்.

இடையே ஒரு செய்தி. பழகுநர் உரிமமும் சட்டப்படி உரிமமே என்று 2004-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆதலால் பழகுபவர் விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம், “உரிமமே இல்லை” என்று மட்டும் சொல்லிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது. அருகே உரிமம் உடையவர் இல்லாமலோ, காலாவதியான எல்.எல்.ஆரோடோ ஓட்டியவருக்கு அந்த ஆதரவும் உறுதியில்லை.

நம் கற்பனைக் குடும்பத்தின் தந்தை முதற் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதினால் அதிகாரி மேலும் கேட்கலாம். மருத்துவரிடம் மீண்டும் அனுப்பலாம். சர்க்கரை கட்டுப்பட்ட பிறகு வருக என்றும் சொல்லலாம். சில திங்கள் தள்ளிப்போகும். அதுவரை கார் வீட்டில் நிற்கட்டும். மகன் உரிமம் பெற்று அவரை அழைத்துச் செல்லட்டும். அந்தத் தாமதத்தில் அவருக்கோ, அந்த நெடுஞ்சாலையில் சைக்கிளில் எதிரே வரும் மில் தொழிலாளிக்கோ இழப்பு ஏதுமில்லை. படிவத்தைப் பிறர் நிரப்பித் தந்தாலும், கையொப்பம் இடுமுன் அந்த ஏழு கேள்விகளையும் வீட்டில் ஒருமுறை உரக்கப் படியுங்கள். நீங்கள் மறந்த மயக்கத்தை உங்கள் மனைவி நினைவூட்டக்கூடும்.